யூனிட் ஒன்பது ரூபாய்

மேடவாக்கம் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு மரப்பலகை. அதில் மேலே ஈபி மீட்டர், முத்திரை வைத்தது. அதற்குக் கீழே சின்னதாக இரண்டு சப் மீட்டர்கள். இடது பக்கம் இருப்பது எங்களுடையது, வலது பக்கம் எதிர் போர்ஷன் அக்காவுடையது. மாதம் பிறந்தால் கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையில் நீள நோட்டுடன் அந்தப் பலகைக்கு முன்னால் குனிந்து நிற்பார். போன மாத ரீடிங், இந்த மாத ரீடிங், கழித்தல், பெருக்கல் ஒன்பது. பிறகு படியேறி வந்து, "தம்பி, 160 யூனிட், 1440 ரூபா" என்பார். ஜூன் 2023இல் குடி போகும்போதே, "கரண்ட் யூனிட் ஒம்பது ரூபா, சம்மதமா?" என்று கேட்டிருந்தார். அட்வான்ஸ், வாடகை, தண்ணீர், பைக் நிறுத்த இடம் என்று ஆயிரம் கவலைக்கு நடுவில் அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. தலையாட்டிவிட்டேன்.

ஏறியது ஐந்தாறு மாதம் கழித்து. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் செல்போனில் ஈபி பில் கட்டிக்கொண்டிருந்தார். திரையில் 765 ரூபாய். "ஒரு மாசத்துக்கா?" என்றேன். ரெண்டு மாசத்துக்கு என்றார். எத்தனை யூனிட் என்று பார்த்தால் 320. அதே இரண்டு மாதத்தில் நானும் சரியாக 320 யூனிட்தான் ஓட்டியிருந்தேன். நான் கொடுத்தது 2880. அவருக்கும் எனக்கும் ஒரே ஊர், ஒரே மின்சாரம், வீட்டில் இருப்பதும் அதே ஃபிரிட்ஜ், அதே வாஷிங் மெஷின். அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதைக் கொள்ளை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? எனக்கு அப்போது வேறு வார்த்தை தோன்றவில்லை.

அப்போது இருந்த கட்டணம் செப்டம்பர் 2022இல் வந்தது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.25, 200இலிருந்து 400 வரை 4.50, அடுத்த 100க்கு 6 ரூபாய். நண்பர் பில்லைப் பிரித்தால் 225ம் 540ம், ஆக 765. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் மட்டும் ஒரு சின்ன வில்லங்கம். அந்த 2.25 ரூபாய்ப் படி காணாமல் போய், 100இலிருந்து 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும். அதற்கு மேல் 8, 9, 10 என்று ஏறி, ஆயிரத்துக்கு மேல் யூனிட் 11. இந்தக் கடைசி வரியை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் 765தான்.

## மீட்டர் முதலில் ஒழுங்கா?

சண்டைக்குப் போகும் முன் மீட்டரையாவது சோதித்துவிடலாம் என்று நினைத்தேன். ஈபி மீட்டருக்கு ஈபி பொறுப்பு. சப் மீட்டர் ஓனர் எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கி எலக்ட்ரீசியனை வைத்து மாட்டியது. அது கூடுதலாக ஓடினாலும் குறைவாக ஓடினாலும் கேட்க ஆள் கிடையாது. நாமே பார்த்துக்கொண்டால்தான் உண்டு. நல்லவேளை, பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 imp/kWh என்று அச்சடித்திருக்கும். அதாவது 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். எண் மீட்டருக்கு மீட்டர் மாறும், எங்களுடையதில் இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏழு மணி இருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, ஆறிக்கிடந்த 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடச் சொன்னேன். மனைவி மேலே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் கீழே படிக்கு அடியில் போனில் நிமிடம் பார்த்துக்கொண்டு மினுக்கலை எண்ணினேன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், 3200 மினுக்கல். அப்படியானால் நிமிடத்துக்கு 53 வரவேண்டும். எனக்கு வந்தது 54. வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்குவதற்கும் என் கண் தடுமாறியதற்கும் ஒன்றைக் கழித்துக்கொண்டால், மீட்டர் யோக்கியமான மீட்டர்.

அப்புறம் இஸ்திரிப் பெட்டியையும் அணைக்கச் சொன்னேன். இப்போது விளக்கு செத்துவிட வேண்டும். சாகவில்லை. நெடுநேரம் சும்மா இருந்து, நான் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் ஒரு தடவை மினுக்கியது. மறுபடி எண்ணினேன். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு ஒன்று. கணக்குப் போட்டால் 20 வாட் அளவுக்கு ஏதோ ஒன்று எங்கள் மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருந்தது, படிக்கட்டு டியூப்லைட். மூன்று வீட்டுக்கும் பொதுவான விளக்கு என் காசில். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டும் கொஞ்சமும், ஒன்பது ரூபாய் வீதம் 130 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் கோபத்துக்கு நெய் ஊற்றியதுபோல் ஆனது. (சொன்னவுடன் ஓனர் எலக்ட்ரீசியனை வரவழைத்து மாற்றிவிட்டார். ஒரு மாதம் கழித்து எதற்கோ பார்த்தபோது அக்காவின் மீட்டர் நிமிடத்துக்கு ஒருமுறை கூடுதலாக மினுக்கிக்கொண்டிருந்தது.)

## நோட்டின் கடைசிப் பக்கம்

டிசம்பர் மாதம் வாடகை கொடுக்கப் போகும்போது 765 கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். ஓனர் ஈசிச்சேரில் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று பல வருடம் ஆனவர், பேச்சில் எப்போதும் நிதானம். தாளை வாங்கிப் படித்தார். கோபப்படவில்லை. "கணக்கு சரிதான் தம்பி. ஆனா இது தனி மீட்டர் இருக்கிறவங்க கணக்கு. இங்க மூணு வீட்டுக்கும் ஒரே சர்வீஸ். மேல இருக்கிற மீட்டர் மட்டும்தான் ஈபிகாரனுக்குத் தெரியும்" என்றார். தெரியும் சார், ஆனாலும் ஒன்பது ரூபாய் எந்தப் பட்டியலிலும் இல்லையே என்றேன். அவர் உள்ளே குரல் கொடுத்து நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் ஈபி பில்கள் பின் போட்டு வைத்திருந்தார். கடைசி பில்லைப் பிரித்துக் காட்டினார். 1040 யூனிட், 6990 ரூபாய்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முதல் 100 இலவசம். 300 யூனிட் 4.50 வீதம் 1350. அடுத்த 100க்கு 600. அடுத்த 100க்கு 800. 600க்கு மேல் 200 யூனிட், 9 ரூபாய், 1800. அடுத்த 200, பத்து ரூபாய், 2000. மிச்சம் 40 யூனிட்டுக்கு 11 ரூபாய், 440. கூட்டினால் 6990. சரிதான். என் 320, அக்கா வீட்டு 300, அவர் வீட்டு 420, மூன்றும் சேர்ந்துதான் 1040.

"இப்ப ஒண்ணு சொல்லுங்க. நீங்க ரெண்டு குடும்பமும் இல்ல, மாடி காலின்னு வச்சுக்கங்க. எனக்கு என்ன பில் வரும்?" என்றார். 420 யூனிட்டுக்கு 1245. "அப்ப நீங்க வந்ததால எனக்குக் கூட வர்றது எவ்வளவு?" 5745. "அதை உங்க ரெண்டு பேர் யூனிட்டால வகுத்துப் பாருங்க." 620ஆல் வகுத்தேன். போன் திரையில் 9.27 வந்தது.

அந்த 9.27ஐப் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் எங்களிடம் வாங்குவது மொத்தம் 5580. ஈபிக்குக் கட்டுவது 6990. தன் கையிலிருந்து போடுவது 1410. தனியாக இருந்தால் 1245 கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். ஆக எங்களால் அவருக்கு இரண்டு மாதத்துக்கு 165 ரூபாய் நட்டம். கொள்ளைக்காரரைப் பிடிக்கப் போனவன் கையில் நட்டக் கணக்கைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்.

குடி வந்த ஜூன் வெயிலில் அவர் கேட்ட ஒரு கேள்விக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. "ஏசி ராத்திரி முழுக்க ஓடுதா தம்பி?" என்று படியில் நிறுத்திக் கேட்டார். கொடுப்பது என் காசு, இவருக்கு என்ன என்று எரிச்சலாக இருந்தது. ஆயிரம் யூனிட்டைத் தாண்டிய பிறகு நான் ஓட்டும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவர் ஈபிக்கு 11 கட்டி, என்னிடம் 9 வாங்கிக்கொண்டிருந்தார். என் ஏசிக்கு மானியம் கொடுத்த மனிதரைத்தான் கஞ்சன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் பணம் எங்கே போனது? மூன்று குடும்பத்துக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் எனக்கு 765, அக்காவுக்கு 675, ஓனருக்கு 1245, ஆக மொத்தம் 2685. இங்கே கட்டியது 6990. நடுவில் இருக்கும் 4305 ரூபாய் யார் பையிலும் விழவில்லை, பில்லாகவே போய்விட்டது. மூன்று குடும்பத்துக்கு உரிய மூன்று நூறு இலவச யூனிட்டில் ஒரு நூறுதான் கிடைத்தது. கீழ்ப்படி விலைகள் ஒரே ஒரு தடவைதான் கிடைத்தன. அதிகம் செலவழிக்கும் பணக்கார வீட்டுக்கு என்று வைத்த மேல்படிகளில் மூன்று நடுத்தரக் குடும்பங்கள் ஒரே மீட்டரில் தொங்கிக்கொண்டு ஏறிப்போயின.

## ஆனாலும்

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவி, "அப்ப அவர் நல்லவரா?" என்றாள். அங்கேதான் எனக்கு மறுபடி உறுத்தியது. அவர் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். முதலில் அவர் வீடு, அதற்கு மேல் நாங்கள். இலவச நூறும் 2.25ம் 4.50ம் அவருக்கு. அவர் நிரப்பிவிட்டுப் போன இடத்திலிருந்து எங்களுக்கு. மின்சாரக் கம்பிக்குள் யார் யூனிட் முதலில் வந்தது, யார் யூனிட் பிறகு வந்தது என்று வரிசை ஏதாவது உண்டா? பந்தியில் முதல் இலை அவருக்கு, அவ்வளவுதான். 6990ஐ 1040ஆல் வகுத்தால் சராசரி 6.72. அந்தக் கணக்கில் நான் கொடுக்க வேண்டியது 2151. கொடுத்தது 2880. மாதம் முந்நூற்று அறுபது ரூபாய் போல என் தலையில் கூடுதல். பொதுவில் வந்த நட்டத்தை மூன்றாகப் பிரிக்காமல் மாடிக்கு மட்டும் ஏற்றிவிட்டார்.

சராசரி விலை கேட்டுப் பார்த்தேன். அப்படிப் போட்டால் அவர் வீட்டு 420 யூனிட்டுக்கு 2800 சொச்சம். "நான் எதுக்கு 2800 கட்டணும் தம்பி? இது என் வீடு" என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

என் பெயரிலேயே தனி இணைப்பு வாங்க முடியுமா என்றும் விசாரித்தேன். முடியும். 2003ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 43வது பிரிவு வீட்டு உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்பு தரச் சொல்கிறது. தமிழ்நாட்டு விநியோக விதிகளில் ஓனரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். அவர் தர மறுத்தால், முறைப்படிதான் குடியிருக்கிறோம் என்பதற்கு ஆதாரம் காட்டி, ஏதாவது வழக்கு வந்தால் வாரியத்துக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வைப்புத்தொகையை இரண்டு மடங்காகக் கட்டினால் போதும். ஓனர் சம்மதிக்கவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. டெல்லியில் இன்னும் ஒரு படி மேலே போய், 2019இல் வாடகைதாரர்களுக்கென்றே பிரீபெய்ட் மீட்டர் திட்டம் கொண்டுவந்தார்கள். எல்லாம் இருக்கிறது. என் கையில் இருந்தது பதினோரு மாத ஒப்பந்தம். உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து மீட்டர் மாட்டியவனுக்குப் பன்னிரண்டாவது மாதம் வீடு இருக்குமா? இதைச் சட்டத்தில் தேடிப் பயனில்லை.

அதனால் சண்டையை விட்டுவிட்டு வேறு கணக்கு எடுத்துப் போனேன். மூன்று இணைப்பு வேண்டாம் சார், மாடிக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள், உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மாடி மொத்தம் 620 யூனிட், அதற்கு 2930 வரும். உங்களுக்கு 1245. இரண்டும் சேர்ந்து 4175. இப்போது கட்டுவதில் 2815 மிச்சம், அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அவர் தயங்கினார். இன்னொரு சர்வீஸ் என்றால் வீட்டு வரியில் கைவைப்பார்களோ, மாடி கட்டின பிளானைக் கேட்பார்களோ, வயரிங்கைப் பிரிக்க எவ்வளவு ஆகுமோ என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் நியாயமான பயம்தான், மாடியைப் பிறகு எழுப்பிய பல வீடுகளில் இதற்காகத்தான் ஒரே சர்வீஸில் காலம் ஓடுகிறது. எட்டு வாரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பில் வந்த அன்று அவரே மேலே வந்து, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார்.

மார்ச் 2024இல் பலகையில் இரண்டாவது ஈபி மீட்டர் ஏறியது. எங்கள் சப் மீட்டர்கள் இரண்டும் அதற்குக் கீழே இடம் மாறின. மாடி மொத்தத்துக்கு 2930 என்றால் யூனிட்டுக்கு சராசரி 4.73தான். ஏப்ரல் ஒன்றாம் தேதி நோட்டுடன் படியேறி வந்தார். முகத்தில் சந்தோஷம். "தம்பி, உங்களாலதான். ரெண்டு ரூபா குறைச்சிட்டேன், இனிமே ஏழு."

நான் சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே. 2880 கொடுத்த இடத்தில் 2240. ராத்திரி படுத்தபிறகுதான் மூளை பெருக்கலை ஆரம்பித்தது. 620ஐ ஏழால் பெருக்கினால் 4340. அவர் எங்களுக்காகக் கட்டுவது 2930. மிச்சம் 1410. ஒன்பது ரூபாய் வாங்கும்போது இதே 1410தான் அவர் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஏழு ரூபாய் வாங்கும்போது அதே 1410 கைக்கு வருகிறது. அதில் அவர் வீட்டு பில் 1245ஐக் கட்டிவிட்டால், அவர் வீட்டு மின்சாரம் முழுவதும் இலவசம், அதற்கு மேல் 165 ரூபாய். முன்பு நட்டமாக இருந்த அதே 165. ஒன்பது ரூபாய்க்காகத் தாளோடு போய் நின்ற நான், ஏழு ரூபாய்க்கு வாய் திறக்கவில்லை. புது இணைப்புக்கும் வயரிங்குக்கும் அவர் செலவழித்திருக்கிறார், அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிர் வீட்டு அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொல்லவேயில்லை. "அண்ணா, உங்க புண்ணியத்துல ரெண்டு ரூபா குறைஞ்சுது" என்று அவர் கிண்ணத்தில் கேசரி கொடுத்தனுப்பியிருந்தார்.

ஜூலை 2024இல் மின் கட்டணம் 4.83 சதவீதம் ஏறியது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலையில் ஓனர் மேலே வந்தார். "கரண்ட் ஏத்திட்டாங்க தம்பி, பேப்பர்ல பாத்திருப்பீங்க. நான் ஒண்ணும் பெருசா ஏத்தல. இனிமே எட்டு." ஏழிலிருந்து எட்டு என்றால் 14 சதவீதம். அதை மனதுக்குள் போட்டு முடிப்பதற்குள் அவர் நோட்டைத் திறந்து, "இந்த மாசம் 171 யூனிட்" என்றார்.

"1368" என்றேன் நான்.

"ஆமா" என்று எழுதிக்கொண்டார்.